நான்கு வரி வங்காளம்

வேற்றுமொழி பேசும் மருமகனோ மருமகளோ நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு வந்து சேர்வது இக்காலத்தில் புதுமையன்று. மணம் முடிந்த சில மாதங்களுக்குள் கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலுமாகப் பணியாற்ற நேர்வதும் புதுமையன்று. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்துவிட்டதனால் நாள்தோறும் பேசிக்கொள்ள முடிகிறது. ஆயினும் அந்தப் பேச்சு பெரும்பாலும் இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியிலேயே நிகழ்கிறது. இத்தகைய இல்லறத்தில், தூரத்திலிருக்கும் துணைவரின் தாய்மொழியில் நான்கு வரி பழகி வைத்துக்கொண்டு, ஒரு நாள் முன்னறிவிப்பின்றிச் சொல்லி அவரை மகிழ்விக்க வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. அந்த நான்கு வரியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பழகுவது என்பது குறித்து நாம் அருகிலிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சியை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் புனே நகருக்கு வருமுன் 17 ஆண்டுகள் கொல்கத்தாவில் குடியிருந்தவர்கள். அதனால் வங்காளம் ஒருவாறு பேச வரும். இதனை அறிந்த நம் உறவுப் பெண் ஒருத்தி 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நம் இல்லத்திற்கு வந்தாள். அவள் புனேயில் வேலை பார்ப்பவள். அவள் கணவர் வங்காளி. குஜராத்திலுள்ள ஜாம்நகரில் ஒரு தொழிற்சாலையில் பணி புரிகிறார். திருமணமாகி எட்டு மாதங்களில் அவர்கள் சேர்ந்து இருந்தது ஆறு வாரங்களே.

"மாமா, பதினைந்தாம் தேதி அவர்களுக்கு வருஷப் பிறப்பு. அன்றைக்கு வங்காளத்தில் நாலு வரி பேச வேண்டும். நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும்" என்றாள்.

நமக்குச் சித்திரை முதல் நாள் அவ்வாண்டு ஏப்ரல் 14. மேற்கு வங்காளத்தாருக்கு வைசாக மாதத்து முதல் நாள், அதாவது அவர்கள் 'பொய்லா பொய்ஷாக்' என்று சொல்லும் 1432ஆம் ஆண்டுப் பிறப்பு, அதற்கு மறுநாள். நாள் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஆசை எங்கிருந்து பிறந்தது என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்து பிறகு சொன்னாள்:

"ஜாம்நகரில் வங்காளம் பேச அவருக்கு ஆளில்லை. அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறார். ஒரு நாள், 'அம்மாவோடு பேசும்போதுதான் நான் நானாக இருக்கிறேன்' என்றார். அப்படியானால் என்னோடு பேசும்போது யாராக இருக்கிறார் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை."

அவள் கையில் பயணிகளுக்கான ஒரு மொழிக் கையேடு இருந்தது. அதிலிருந்து பதினொரு வரிகளை எழுதி வைத்திருந்தாள். முதல் வரி, 'ஆப்னி கேமொன் ஆச்ஹேன்?' என்பது, 'தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று பொருள். இலக்கணத்தில் பிழையில்லை, ஆனால் அது கடைக்காரரிடமும் வழிப்போக்கரிடமும் கேட்பதற்கு உரிய கேள்வி. கையேடு எழுதியவர் பயணியை மனத்திற்கொண்டு எழுதினாரேயன்றி மனைவியை மனத்திற்கொண்டு எழுதவில்லை. எட்டு மாதத்து மனைவி அப்படிக் கேட்டால் கணவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அவள் எண்ணம் கலைந்துபோகும்.

தமிழில் 'நீ', 'நீங்கள்' என இரண்டு படிகள் இருப்பதுபோல் வங்காளத்தில் மூன்று படிகள் உண்டு. மரியாதைக்கு 'ஆப்னி', அன்பும் நெருக்கமும் உடையவரிடம் 'துமி', தம்பி தங்கையரிடமும் பள்ளித் தோழரிடமும் 'துய்'. வினைச்சொல்லின் ஈறும் உடன் மாறும். 'எப்படி இருக்கிறாய்' என்பதையே 'ஆப்னி' என்றால் 'ஆச்ஹேன்' என்றும், 'துமி' என்றால் 'ஆச்ஹோ' என்றும், 'துய்' என்றால் 'ஆச்ஹிஸ்' என்றும் முடிக்க வேண்டும். கணவன் மனைவியர்க்கு இந்நாளில் பொதுவாக 'துமி'தான் வழக்கு. எனினும் பழைய வழக்கம் விடாத சில வீடுகளில் மனைவி கணவனை 'ஆப்னி' என்று அழைப்பதும் உண்டு. ஆகவே ஊகத்தால் முடிவு செய்யாமல், கொல்கத்தாவிலுள்ள அவள் நாத்தனாரைக் கேட்கச் சொன்னோம். தம் பெற்றோர் ஒருவரையொருவர் 'துமி' என்றே அழைப்பதாக அவர் சொன்னார். முதல் முடிச்சு அவிழ்ந்தது.

நாத்தனாரையே நாம் உண்மையான ஆசிரியராகக் கொண்டோம். நமக்கு வங்காளம் தெரியும் என்பது மெய்தான். ஆனால் நாம் பேசுவது சந்தையிலும் அலுவலகத்திலும் கற்ற வங்காளம். அந்த மாப்பிள்ளையின் காதில் பிறந்தது முதல் விழுந்த சொல் எது, அந்த வீட்டில் எதை எப்படிச் சொல்வார்கள் என்பதை அந்த வீட்டுப் பெண்தான் அறிவார். பதினொரு வரிகளையும் அவருக்குப் படித்துக் காட்டியபோது, 'உன்னைக் காதலிக்கிறேன்' என்னும் பொருளுடைய வரியைக் கேட்டு, "எங்கள் வீட்டில் இதைத் திரைப்படத்தில்தான் கேட்டிருக்கிறோம்" என்று சிரித்தாராம். அந்த வரியை நீக்கினோம். கடைசியில் நின்றவை நான்கே.

முதலாவது, ஆண்டுப் பிறப்பு வாழ்த்து: 'ஷுப்ஹோ நொபோபொர்ஷோ.' கேட்பதற்குப் புதிதாகத் தோன்றும் இச்சொற்கள் நமக்குத் தெரிந்த 'சுப நவ வருஷம்' என்பதே. வங்காளியின் வாயில் அகரம் பல இடங்களில் ஒகரமாகக் குவியும், வகரம் பகரமாகும், சகரம் பெரும்பாலும் ஷகரமாகும். இந்த மூன்று மாற்றங்களையும் ஒருமுறை புரிந்துகொண்டபின் அப்பெண் வாழ்த்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை, தானே அமைத்துக்கொண்டாள்.

இரண்டாவது, 'ஆஜ் கீ க்ஹேலே?' 'இன்று என்ன சாப்பிட்டாய்?' என்பது பொருள். நம் வீடுகளில் அன்பை வேறு சொல்லால் சொல்வதில்லை. சாப்பாட்டைக் கேட்பதே அன்பு. வங்காளத்து வீடுகளிலும் அவ்வாறே என்பதை நாம் 17 ஆண்டுகள் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது வரிதான் உயிர். அவள் எழுதி வந்தது, ஆங்கிலச் சொல் ஒன்றை நடுவில் செருகிய 'உன்னை மிஸ் செய்கிறேன்' என்பதன் வங்காள வடிவம். இன்றைய இளைஞர் அப்படிப் பேசுவதுண்டு. ஆனால் வங்காளத்திற்கென்றே ஓர் அரிய தொடர் இருக்கிறது: 'தோமார் ஜொன்னோ மொன் கேமொன் கொர்ச்ஹே.' சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'உனக்காக மனம் எப்படிச் செய்கிறது' என்று நிற்கும். பொருள் முடியாதது போன்ற அந்த நிற்றலில்தான் ஏக்கம் இருக்கிறது. நம் பெரியவர்கள் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டு, 'மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது' என்பார்களே, அதற்கு மிக நெருங்கியது. இதனை விளக்கியபோது அப்பெண், "இது எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான், மாமா. சொல்தான் தெரியாமல் இருந்தது" என்றாள்.

நான்காவது வரியை நாம் வற்புறுத்திச் சேர்த்தோம். இத்தகைய ஏற்பாடுகளில் எல்லாரும் தாம் பேசப்போவதையே எண்ணுகிறார்கள். அதற்குப் பின் வரப்போவதை எண்ணுவதில்லை. தாய்மொழியைக் கேட்டவர் மகிழ்ந்து தாய்மொழியிலேயே மடை திறந்தாற்போல் பேசத் தொடங்குவார். கற்றவளுக்கோ ஒரு சொல்லும் விளங்காது. அவள் விழிப்பதைக் கண்டதும் அவர் மீண்டும் ஆங்கிலத்திற்குத் திரும்பிவிடுவார். வந்த மகிழ்ச்சி ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும். அதனைத் தடுப்பதற்காக, 'ஆஸ்தே ஆஸ்தே போலோ, ஆமி ஷுன்ச்ஹி' என்று சேர்த்தோம். 'மெல்ல மெல்லச் சொல். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பது பொருள். மேலே சொன்ன விதிப்படி 'ஆஷ்தே' என்று சொல்லிவிடக் கூடாது. தகரத்தை அடுத்து நிற்கையில் சகர ஒலி ஷகரமாவதில்லை.

இனி ஒலிப் பயிற்சி. அப்பெண் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். இங்குதான் தமிழர்க்கு ஒரு குழி காத்திருக்கிறது. நம் ககரம் ஒன்றே. வங்காளத்தில் அதனிடத்தில் நான்கு ஒலிகள் உள்ளன. ஒன்றை மாற்றினால் பொருளே மாறும். 'க்ஹேலே' என்று மூச்சை வெளிவிட்டுச் சொன்னால் 'சாப்பிட்டாய்'. அதையே நாம் 'தங்கம்' என்பதில் ஒலிப்பதுபோல் மெலிந்த ககரமாக்கி 'கேலே' என்றால் 'போனாய்'. தமிழ் நாவுக்கு உயிரொலியை அடுத்து வரும் ககரத்தை மெலித்துவிடும் பழக்கம் உண்டு. 'கீ க்ஹேலே' என்பதை விரைந்து சேர்த்துச் சொன்னபோதெல்லாம் அவளுக்கு இரண்டாவதே வந்தது. உணவைக் கேட்கப் போய்ப் பயணத்தைக் கேட்டதாயிற்று!

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. மெல்லிய தாள் துண்டு ஒன்றை வாய்க்கு எதிரே நான்கு விரற்கிடை தூரத்தில் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். 'க்ஹே' என்னும்போது தாள் அசைந்தால் ஒலி சரி, அசையாவிட்டால் தவறு. காது ஏமாற்றும், தாள் ஏமாற்றாது. இரண்டு நாளில் அவள் தாள் அசையத் தொடங்கியது. 'கேமொன்' என்பதன் முதலெழுத்துக்கும் தமிழில் எழுத்தில்லை. அது 'கே'வுக்கும் 'கா'வுக்கும் இடைப்பட்டது. 'பேங்க்' என்னும் சொல்லில் நாம் ஒலிப்பதே அது. அதனை அவ்வாறே குறித்துக்கொள்ளச் சொன்னோம்.

நாத்தனார் ஒவ்வொரு வரியையும் தம் குரலில் பதிவு செய்து இருமுறை அனுப்பினார். முதலில் வீட்டில் பேசும் வேகத்தில், பிறகு நிதானமாக. நிதானப் பதிவு எழுத்தை அறிவதற்கு மட்டும். பழக வேண்டியது வேகப் பதிவையே. நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது எந்த மொழியும் தன் இசையை இழந்துவிடும். கேட்பவருக்குப் பாடம் ஒப்பிப்பது போலாகும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாகப் பத்து நாள் அவள் நாத்தனாரின் குரலோடு தன் குரலைச் சேர்த்துப் பழகினாள்.

இங்கு வேறு மொழிக்காரரைத் துணையாகக் கொண்ட அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வங்காளத்தில் வினைச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. ஆகவே யார் குரலைப் பின்பற்றினாலும் கேடில்லை. இந்தியும் மராத்தியும் அப்படியல்ல. மராத்தியில் 'நான் வருகிறேன்' என்பதை ஆண் 'மீ யேதோ' என்றும், பெண் 'மீ யேதே' என்றும் சொல்வர். மருமகள் மைத்துனனிடம் கற்றால் ஆண்போலப் பேசுவாள். அம்மொழிகளில் பெண் பெண்ணிடமும், ஆண் ஆணிடமும் வரிகளைப் பெறுவதே தக்கது.

ஏப்ரல் 13ஆம் நாள் ஒத்திகை பார்த்தோம். நம் துணைவியார் மற்றோர் அறையில் கைப்பேசியுடன் அமர்ந்து மாப்பிள்ளையின் இடத்தை ஏற்றார். மூன்று குறைகள் தெரிந்தன. மடியிலிருந்த தாளைப் பார்த்துப் படித்ததனால் அவள் கண்கள் தாழ்ந்தே இருந்தன. ஆகவே ஒவ்வொரு வரியின் முதற்சொல்லை மட்டும் பெரிதாக எழுதி, கைப்பேசியின் படக்கண்ணுக்கு அருகே ஒட்டச் செய்தோம். மின்விசிறியின் இரைச்சலில் 'க்ஹே'யின் மூச்சொலி அடுத்த அறைக்குப் போய்ச் சேரவில்லை. விசிறியை நிறுத்தி, ஒலிவாங்கியுள்ள காதணியை மாட்டிக்கொண்டதும் சேர்ந்தது. மூன்றாவது, முதல் வரிக்கு விடை வருமுன் இரண்டாம் வரியைத் தொடங்கிவிட்டாள். இவ்வகை அழைப்பில் குரல் சற்றே தாமதித்துச் செல்கிறது. இருவர் ஒருங்கே பேசினால் ஒருவர் குரல் அறுந்துபோகிறது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மனத்துள் மூன்று எண்ணி, விடை வந்தபிறகே அடுத்ததற்குச் செல் என்றோம்.

மாமியாரையும் நாத்தனாரையும் அதே அழைப்பில் சேர்த்து அனைவரும் பார்க்கச் செய்யலாமா என்று அவள் கேட்டாள். நம் துணைவியார் வேண்டாம் என்றார். "முதல்முறை சொல்லும்போது அவர் முகத்தை நீ மட்டும் பார், அம்மா. சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும் அவர் யாருக்காகவும் மறைக்கும்படி வைக்காதே" என்றார். பதிவு செய்து வைப்பதும் அதே காரணத்தால் கைவிடப்பட்டது. அன்று அவருக்குக் காலைப் பணி என்றும், மாலையில் ஓய்வாக இருப்பார் என்றும் நாத்தனார் முன்னரே கேட்டுச் சொல்லியிருந்தார்.

அந்த உரையாடலை நாம் கேட்கவில்லை, கேட்பதும் முறையன்று. மறுநாள் மாலை அவளே வந்து சொன்னாள். வாழ்த்தைக் கேட்டு அவர் சிரித்தாராம். வாழ்த்து யாரும் சொல்வதுதானே. 'ஆஜ் கீ க்ஹேலே?' என்றதும் புருவத்தை உயர்த்தினாராம். ஆயினும் பழக்கத்தினால் ஆங்கிலத்திலேயே, முட்டைக் குழம்பு என்று விடை சொன்னாராம். அவள் மூன்று எண்ணிவிட்டு மூன்றாம் வரியைச் சொன்னாள். அவர் ஒன்றும் பேசவில்லை. படம்தான் உறைந்துவிட்டதோ என்று அவள் ஐயுற்றாள். பின்புறச் சுவரில் நாட்காட்டி காற்றில் அசைந்துகொண்டிருந்ததனால் அழைப்பு அறவில்லை என்று தெரிந்ததாம்.

பிறகு அவர் பேசினார். வங்காளத்தில், மிக விரைவாக. அவளுக்கு 'தொகான்' என்றும், 'மிஷ்டி' என்றும், 'பாபா' என்றும் மூன்று சொற்கள் மட்டும் காதில் நின்றன. இந்தியறிவினால் கடை, இனிப்பு, அப்பா என்று உணர்ந்தாள். நான்காம் வரியைச் சொன்னாள். அவர் நிறுத்தினார், மீண்டும் முதலிலிருந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார். ஆண்டுப் பிறப்பன்று வங்காளத்துக் கடைக்காரர்கள் புதுக்கணக்குத் தொடங்குவார்கள்; 'ஹால்க்ஹாதா' என்பது அதன் பெயர். வாடிக்கைக்காரருக்கு இனிப்புப் பொட்டலமும் நாட்காட்டியும் தருவார்கள். சிறுவயதில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போன கதையை அவர் சொல்லியிருக்கிறார். தந்தை காலமாகி ஆறாண்டாகிறது. அவரைப் பற்றி இந்த எட்டு மாதத்தில் அவர் மனைவியிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. "ஆங்கிலத்தில் அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை போலிருக்கிறது, மாமா" என்றாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. துணைவியார் எழுந்து காப்பி கலக்கச் சென்றார்.

நான்கு வரியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கதையில் பாதிக்கு மேல் அவளுக்கு விளங்கவில்லை. இறுதியில் ஆங்கிலத்தில் கேட்டுத்தான் நிரப்பிக்கொண்டாள். தனக்குத் தெரிந்தது இவ்வளவே என்றும், தங்கை சொல்லித் தந்தார் என்றும் அவரிடம் மறைக்காமல் சொன்னாள். அதுவே நல்லது. தெரிந்தது போல் தலையசைத்திருந்தால் மறுநாளே வெளிப்பட்டிருக்கும்.

விடைபெறும்போது 'ஆஷ்ச்ஹி' என்று சொல்லலாமா என்று அவள் முன்பு நம்மைக் கேட்டிருந்தாள். 'வருகிறேன்' என்று பொருள்படும் சொல் அது. நம்மைப் போலவே வங்காளியரும் வீட்டை விட்டுப் புறப்படும்போது போகிறேன் என்னாமல் வருகிறேன் என்பர். ஆனால் தொலைபேசியில் அது பொருந்தாது. அங்கே 'ராக்ச்ஹி' என்பர். 'வைக்கிறேன்' என்று நாம் சொல்வதேதான் அது. அன்றிரவு அவள் 'ராக்ச்ஹி' என்றபோது, அவர் வங்காளத்தில், இன்னும் சற்று நேரம் வைக்காதே என்றாராம். அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே ஜாம்நகரிலிருந்து நமக்கு ஒரு செய்தி வந்தது. மாமனாரிடம் சொல்லத் தமிழில் நான்கு வரி வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். அதற்கும் அதே முறைதான். 'நீ' அன்று, 'நீங்கள்'. வங்காளியின் நாவுக்கு ழகரம் எளிதில் வராதாகையால் வாழ்த்தை விட்டுவிட்டு, 'மாமா, சாப்பிட்டீங்களா?' என்பதை முதலில் வைத்தோம். அப்பெண்ணின் தம்பி தன் குரலில் பதிவு செய்து அனுப்பினான். நான்காம் வரியாக, 'மெதுவாச் சொல்லுங்க மாமா, கேட்டுக்கிட்டிருக்கேன்' என்பதை எழுதினோம்.